பாயசத்துக்கு முந்திரி, திராட்சை வறுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெய் நல்லா காய்ந்த பிறகு முந்திரியைப் போடணுமா, இல்ல உருகினதுமே போட்டுடலாமா?

உருகிச் சற்றே சூடானதும் போட்டுவிடுங்கள். கடுகு தாளிக்கிற அளவுக்குக் காயவே கூடாது. முந்திரி தடிமனான பருப்பு. அதன் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். நெய் புகையும் நிலைக்கு நெருங்கக் காய்ந்திருந்தால் வெளிப்புறம் அரை நிமிடத்தில் சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த முந்திரியைக் கடித்தால் மாவு போல மசியும், மொறுமொறுப்பு இருக்காது.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு முந்திரித் துண்டைப் போட்டுப் பாருங்கள். அதன் ஓரங்களைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குமிழிகள் அமைதியாக எழுந்தால் சரி. குமிழியே இல்லை என்றால் இன்னும் சில நொடி பொறுக்கலாம். போட்டவுடனே சத்தத்துடன் பொங்கினால் நெய் அதிகமாகக் காய்ந்துவிட்டது. அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

புகை வந்துவிட்டால் அந்த நெய்யை பாயசத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். நல்ல நெய் எளிதில் புகையாது. புகைகிறது என்றால் சூடு எல்லை மீறிவிட்டது, அல்லது வெண்ணெய் காய்ச்சியபோது தங்கிய கசடு அடியில் கிடந்து கருகுகிறது. இரண்டில் எதுவானாலும் வாடை பாயசம் முழுவதும் ஏறும்.

எந்த நிறத்துல எடுக்கணும்? பொன்னிறமா இருக்கும்போதுதான் எடுக்கிறேன், தட்டுல வச்சதும் கருத்துப் போயிடுது.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. முந்திரி நெய்யை விட்டு வெளியே வந்த நொடியில் அதன் வறுபடல் நிற்பதில்லை. வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் நெய்யும் பருப்புக்குள்ளே ஏறிய சூடும் இன்னும் ஒரு நிமிடம் போல வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதிலும் முந்திரியில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பும் சூடாகி உள்ளிருந்தே வறுக்கும். ஆகவே தட்டில் எந்த நிறம் வேண்டுமோ, அதற்கு ஒரு படி முன்னால் நெய்யிலிருந்து எடுக்க வேண்டும்.

படிகளைச் சொல்லிவிடுகிறேன். போட்டதும் வெள்ளை. அப்புறம் ஓரங்கள் மட்டும் வெளிர்மஞ்சள் ஆகும். அதன் பிறகு முழுத் துண்டும் வெளிர்மஞ்சளாகி, ஓரமும் வளைவும் மட்டும் இளம்பொன்னாக இருக்கும். எடுக்க வேண்டிய இடம் இதுதான். கடாயில் பார்க்கும்போது "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே" என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்கு இடம் கொடுக்காமல் அரித்துவிடுங்கள். தட்டில் ஒரு நிமிடத்தில் அது சீரான பொன்னிறத்துக்கு வந்திருக்கும். நெய்யிலேயே பொன்னிறம் பார்த்துவிட்டு எடுத்தால் தட்டில் தேன் நிறம். நெய்யில் தேன் நிறம் பார்த்தால் தட்டில் பழுப்பு, வாயில் கசப்பு.

நிறம் ஏறும் வேகமும் சீரானது அல்ல. முதல் ஒரு நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அந்த நேரத்தில் பருப்பில் இருக்கும் சொற்ப ஈரம் குமிழிகளாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஈரம் போகிற வரைக்கும் பருப்பின் சூடு அதிகம் ஏறாது. ஈரம் தீர்ந்ததும் பருப்பில் உள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து வேகமாகச் சிவக்கும். அதனால் குமிழிகள் அடங்குகிற கணத்தைக் கவனியுங்கள். நிறம் மாறும் முன்னரே கிடைக்கும் எச்சரிக்கை அது. குமிழி குறைந்து, வறுத்த பருப்பு வாசனை மேலே எழுந்தால், அடுத்த பத்துப் பதினைந்து நொடிகளுக்குக் கண்ணை எடுக்காதீர்கள். மொத்த வறுவலும் கெட்டுப்போவதும் நன்றாக வருவதும் அந்த நொடிகளில்தான்.

எடுத்து வைக்கும் தட்டும் உதவும். அகலமான எவர்சில்வர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். சிறு கிண்ணத்தில் குவித்து வைத்தால் நடுவில் இருப்பவை ஆறாமல் மேலும் சிவக்கும்.

தீயை அணைச்சுட்டா போதாதா? எதுக்கு அவசரமா அரிச்சு எடுக்கணும்?

போதாது. பாத்திரமும் நெய்யும் அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அடிகனமான இரும்பு வாணலியில் இது இன்னும் அதிகம். அணைத்துவிட்டு ஏலக்காய் தட்டப் போனால் திரும்பி வருவதற்குள் முந்திரி பழுப்பாகிவிடும். ஜல்லிக்கரண்டியையும் தட்டையும் முந்திரி போடும் முன்பே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரியா எத்தனை நிமிஷம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

ஒரு சேமியா பாயசத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பால், 100 கிராம் சேமியா. இதற்கு 3 மேசைக்கரண்டி நெய், இரண்டாகப் பிளந்த 10 முந்திரி, அதாவது 20 பாதிகள், உலர்திராட்சை ஒரு 20. பாத்திரம் அடிகனமான சிறு வாணலி. தீ, எரிவாயு அடுப்பின் சிறிய பர்னரில் முழுச் சிம்.

நெய் உருகிச் சூடாக ஒரு நிமிடம் ஆகும். சோதனைத் துண்டைச் சுற்றிக் குமிழி வந்ததும் மீதி முந்திரியைச் சேர்த்துக் கிளற ஆரம்பியுங்கள். ஒரு நிமிடம் வரை நிறத்தில் பெரிய மாற்றம் தெரியாது. ஒன்றரை நிமிடம் வாக்கில் ஓரங்கள் வெளிர்மஞ்சளாகும். இரண்டு நிமிடத்துக்கும் இரண்டரை நிமிடத்துக்கும் இடையில் குமிழி அடங்கி, முன்பு சொன்ன இளம்பொன் ஓரம் தெரியும். உடனே அரித்துத் தட்டில் பரப்புங்கள்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு அதே நெய்யில் திராட்சையைப் போட்டுக் கிளறுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுவதற்குள் பெரும்பாலானவை உருண்டு திரளும். பதினைந்து எண்ணுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் அதே வாணலியில் சேமியாவைச் சேர்த்து மறுபடி சிறு தீ. முந்திரி வாசனை ஏறிய அந்த நெய்யில் சேமியா வறுபடுவதுதான் இந்தப் பாயசத்தின் சுவையில் பாதி.

இந்த நிமிடங்கள் உங்கள் அடுப்பில் அப்படியே வராமல் போகலாம். பாத்திரத்தின் கனம், நெய்யின் அளவு, பருப்பின் பருமன் என ஒவ்வொன்றும் அரை நிமிடத்தை முன்னும் பின்னும் நகர்த்தும். கடிகாரம் எப்போது உஷாராக வேண்டும் என்று சொல்லும், எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் குமிழியும் நிறமும்தான் சொல்லும். ஆனால் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் சிவந்துவிட்டது என்றால் தீ அதிகம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

முந்திரியையும் திராட்சையையும் ஒண்ணாப் போட்டு வறுத்தா என்ன? வேலை சீக்கிரம் முடியுமே.

முந்திரிக்கு நிமிடக் கணக்கு, திராட்சைக்கு நொடிக் கணக்கு. ஒன்றாகப் போட்டால் முந்திரி சிவக்கும்போது திராட்சை கருகியிருக்கும். திராட்சைக்காக எடுத்தால் முந்திரி பச்சை. திராட்சையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், அதிலும் சீக்கிரம் கருகும் வகைச் சர்க்கரை. தோலில் ஒரு சிறு விரிசல் விட்டு அந்தச் சாறு நெய்யில் கசிந்தால் அடியில் ஒட்டிக் கருகி, நெய்யும் கசந்துவிடும்.

வரிசையை மாற்றித் திராட்சையை முதலில் வறுப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். ஒட்டிய சர்க்கரை மேல் முந்திரியை வறுத்தால் முந்திரியில் கரும்புள்ளிகள் விழும்.

திராட்சை நெய்யில பந்து மாதிரி உப்புது, எடுத்ததும் சுருங்கிடுது. கூடுதலா வறுக்கணுமோ?

வேண்டாம், அது சரியாகத்தான் வறுபட்டிருக்கிறது. உலர்திராட்சைக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சூடான நெய்யில் அது ஆவியாகித் தோலை உள்ளிருந்து தள்ளும். வெளியே எடுத்து ஆறும்போது ஆவி மறுபடி நீராகும், தோல் தளரும். பாயசத்தில் போட்டதும் அது பாலையும் இனிப்பையும் உறிஞ்சி மறுபடி பருக்கும், இந்த முறை நிலையாக.

சுருங்குகிறதே என்று மேலும் வறுத்தால் உள்ளே இருக்கும் ஈரம் முழுதும் போய்விடும். ஆறியதும் அது மிட்டாய் போல இறுகிப் பல்லில் ஒட்டும். பாயசத்தில் கிடந்தாலும் லேசில் இளகாது. எல்லாத் திராட்சையும் ஒரே நேரத்தில் உப்பாது என்பதும் உண்மை. கடைசி இரண்டு மூன்று உப்பட்டும் என்று காத்திருந்தால் முதலில் உப்பியவை கருகும். பெரும்பாலானவை திரண்டதும் எடுத்துவிடுங்கள். உப்பாத இரண்டு பாயசத்தில் ஊறிக்கொள்ளும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சள் அல்லது இளம்பச்சைத் திராட்சை ஒரு சாயல் கூடினால் போதும். பழுப்பாகத் தொடங்கினாலே தாமதம்தான். கறுப்புத் திராட்சையில் நிறம் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது, உப்புவதை மட்டும் பாருங்கள். பாயசத்துக்கு மஞ்சள் வகையே எனக்குப் பிடித்தது. கண்ணுக்கும் அழகு, வறுக்கும்போது கணிப்பதும் எளிது.

திராட்சை போட்டதும் நெய் மேல தெறிக்குது. பயமா இருக்கு.

கழுவிவிட்டு ஈரத்தோடு போட்டிருப்பீர்கள். திராட்சையைக் கழுவுவது நல்ல பழக்கம்தான், மண்ணும் காம்பும் இருக்கும். ஆனால் முதல் வேலையாகக் கழுவி, துணியில் ஒற்றி, குறைந்தது அரை மணி நேரம் பரப்பி உலர விடுங்கள். தோல் மடிப்புகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும், மேலோட்டமாகத் துடைத்தால் போகாது. அடுப்பை அணைத்த பிறகே திராட்சையைச் சேர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தெறித்தாலும் கீழே நெருப்பு இருக்காது.

நெய் எவ்வளவு ஊத்தணும்? கொஞ்சமா விட்டாப் போதுமா?

பருப்பின் பாதி உயரத்துக்காவது நெய் நிற்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய்யை அகலமான கடாயில் விட்டு இருபது துண்டு முந்திரியைப் போட்டால், அது நெய்யில் வறுபடாது, வாணலியின் இரும்பில் சுடும். தொட்ட இடம் கரும்புள்ளி, மற்ற இடம் வெள்ளை. நெய்யைக் கூட்ட விருப்பம் இல்லையென்றால் பாத்திரத்தைச் சின்னதாக்குங்கள். அதே ஒரு கரண்டி நெய் சிறிய வாணலியில் ஆழமாக நிற்கும். கூட்டமாகப் போடாமல் இரண்டு தடவையாக வறுக்கலாம்.

நெய் வீணாகாது, எல்லாம் பாயசத்துக்குத்தான் போகிறது. ஆனால் பாயசத்தைக் குளிரவைத்துப் பரிமாறுவதாக இருந்தால் நெய்யைக் குறைத்துச் சேருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நெய் உறைந்து முந்திரியைச் சுற்றி வெள்ளை மணிகளாக நிற்கும், வாயில் மெழுகு போல இருக்கும்.

சிம்லதான் வச்சிருக்கேன், அப்பவும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை.

தாளிக்கும் கரண்டியில் வறுக்கிறீர்களா? அதன் அடி மெல்லியது, குழிவானது. பருப்பெல்லாம் நடுக்குழியில் சேர்ந்து, நெருப்புக்கு நேர் மேலே உட்கார்ந்துவிடும். பெரிய பர்னரில் வைத்தால் சிம்கூட அதற்கு அதிகம். சிறிய பர்னருக்கு மாற்றுங்கள். அப்படியும் வேகமாகச் சிவந்தால் கரண்டியைத் தூக்கித் தீக்கு மேலே பிடித்துச் சுழற்றியபடி வறுக்கலாம்.

இன்டக்‌ஷன் அடுப்பில் காரணம் வேறு. பல இன்டக்‌ஷன் அடுப்புகள் குறைந்த அளவில் வைத்தால் மெல்லிய சூட்டைத் தொடர்ந்து கொடுப்பதில்லை. சில நொடி நல்ல வேகத்தில் சூடேற்றும், சில நொடி நிற்கும். சூடேறும் நொடிகளில் அடியில் இருக்கும் பக்கம் கருகும். அடிகனமான பாத்திரம் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் தணியும்.

எந்த அடுப்பானாலும் கிளறுவதை நிறுத்தாதீர்கள். முந்திரிப் பாதியின் தட்டையான பக்கம் அடியில் படிந்தால் புரட்டாமல் தானாகத் திரும்பாது.

முழு முந்திரியா, பாதியா, உடைச்சதா? எது நல்லா வரும்?

பாதி. முழு முந்திரியில் நடுவே சூடு போகத் தாமதமாகும், வளைவு காரணமாக ஒரே சீராகச் சிவக்காது. பிளந்த பாதிக்கு ஒரு தட்டையான முகம் உண்டு, தடிமனும் பாதிதான். எப்படி உடைத்தாலும் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். உடைந்த முந்திரி வாங்கினால் அதில் பொடியும் சிறு நறுக்குகளும் கலந்திருக்கும். பெரிய துண்டு வெளிர்மஞ்சள் ஆவதற்குள் பொடி கருகி நெய்யைக் கசக்க வைக்கும். ஆகவே சல்லடையில் சலித்துவிட்டு வறுங்கள். விழுந்த பொடியை வீணாக்காமல் அரைத்துப் பாயசத்திலேயே சேர்க்கலாம், கெட்டித்தன்மை வரும்.

பாக்கெட்டில் W240, W320 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டில் எத்தனை முழுப் பருப்பு என்பதைக் காட்டும் எண். எண் சிறிதானால் பருப்பு பெரிது, வறுபடக் கூடுதல் நேரம் பிடிக்கும். SW என்று இருந்தால் ஆலையில் உலர்த்தும்போதே சற்று நிறம் ஏறிய பருப்பு. சுவையில் குறை இல்லை. ஆனால் அது தொடங்கும்போதே வெள்ளையாக இருக்காது என்பதால் நிறத்தை வைத்துக் கணிப்பது தவறும். குமிழியையும் வாசனையையும் நம்புங்கள்.

வறுக்கும் முன் ஒன்றைக் கடித்தும் பாருங்கள். பழைய முந்திரியில் காறல் வாடை இருந்தால் நெய்யில் வறுத்து அதை மறைக்க முடியாது.

பருப்புப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பல்லும் வறுக்கணும். அதை எப்போ போடறது?

தேங்காயை முதலில். அதில் ஈரம் அதிகம், நான்கைந்து நிமிடம்கூட ஆகும். அது இளஞ்சிவப்பானதும் எடுத்துவிட்டு, நெய்யின் சூட்டைக் கொஞ்சம் தணிய விட்டு முந்திரி, கடைசியாகத் திராட்சை.

வறுத்ததை எப்போ பாயசத்துல சேர்க்கணும்? சீக்கிரமே ஊறி மெத்துனு ஆயிடுது.

முந்திரி மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான். நன்றாக வறுபட்ட முந்திரிகூடச் சூடான பாலில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மொறுமொறுப்பைத் தக்கவைக்காது. திராட்சை அதற்கு நேர் எதிர். ஊற வேண்டியது அது. எனவே பாயசத்தை இறக்கியதும் திராட்சையையும் நெய்யையும் சேர்த்துவிட்டு, முந்திரியை மட்டும் தனியே வைத்துக் கடைசியில் தூவுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கொட்டும் பழக்கத்தை மாற்றினாலே பாயசத்தில் வித்தியாசம் தெரியும்.

பால் பாயசத்தில் திராட்சையைச் சேர்த்த பிறகு கொதிக்க விடாதீர்கள். திராட்சைக்கு லேசான புளிப்பு உண்டு, பால் திரிந்துவிடலாம். இறக்கிய பிறகு சேர்ப்பதே பாதுகாப்பு.

நைவேத்தியத்துக்காக மொத்தமாகச் செய்து வைப்பவர்கள் முந்திரியையும் முன்பே சேர்த்துவிட வேண்டியிருக்கும். அப்படியானால் ஊறிய முந்திரியும் சுவைதான், ஆனால் அதன் நிறத்தை மிதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் சிவந்தது ஊறும்போது வெள்ளைப் பாயசம் மங்கலாகும்.

கருகிப் போச்சு. நெய்யை மட்டுமாவது சேர்த்துக்கலாமா?

நெய்யை ஒரு துளி ஆற விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகப் பொன்னிறம் கூடி வறுத்த பருப்பு மணம் மட்டும் இருந்தால் சேர்க்கலாம். கசப்பின் சாயல் இருந்தாலும் வேண்டாம். இனிப்பு அதை மறைக்கும் என்று நினைப்போம், மறைக்காது. குடித்து முடித்த பின் தொண்டையில் நிற்பது அந்தக் கசப்புத்தான். ஒரு துண்டு மட்டும் கருகியிருந்தால் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பல துண்டுகள் கருகியிருந்தால் வாணலியையும் துடைத்துவிட்டுப் புது நெய்யில் ஆரம்பியுங்கள். சேமியாவை அந்த நெய்யில் வறுக்கப்போகிறீர்கள் என்றால் இதில் சமாதானமே கூடாது, ஏனென்றால் சேமியா ஒவ்வொரு இழையிலும் அந்த வாடையை ஏற்றிக்கொள்ளும்.

விருந்துக்கு முதல் நாளே வறுத்து வச்சுக்கலாமா?

முந்திரியை வைக்கலாம். முழுக்க ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து நமத்துவிடும். நமத்ததை வெறும் வாணலியில் சிறு தீயில் அரை நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும், ஆனால் நிறமும் ஒரு படி கூடும். முதல் நாள் வறுக்கும்போதே அதற்கும் சேர்த்து ஒரு படி வெளிறலாக எடுத்து வையுங்கள். திராட்சையை முன்கூட்டி வறுக்க வேண்டாம், கிடந்தால் இறுகும். அதற்கு ஆவது பதினைந்து நொடி, அன்றே வறுத்துக்கொள்ளலாம்.